டொக்டரிடம் தமிழ்–டொய்ச் மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் எனப்படும் குடும்ப டொக்டரிடமும் ஆஸ்பத்திரிகளிலும் ஈழத்தமிழ் நோயாளிகளுக்காக மொழிபெயர்ப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், அம்மா அப்பாவோடு துணைக்குப் போகிற பிள்ளைகளும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு பாஷையும் நல்லாத் தெரியும். அம்மாவுக்கு நானே மொழிபெயர்த்தால் என்ன?

தடிமன், காய்ச்சல், தடுப்பூசி, மருந்துச்சீட்டு வாங்குவது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். புதிய நோய் ஒன்றைச் சொல்லப்போகிறார்கள், சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கப்போகிறார்கள், பெண்நோய் அல்லது மனநலம் பற்றிப் பேசப்போகிறார்கள் என்றால் வேண்டாம். உங்கள் டொய்ச்சை நான் குறை சொல்லவில்லை. மகனுக்கு முன்னால் ஒரு தாய் தன் சிறுநீர் கசிகிறது என்று சொல்லமாட்டாள். “கொஞ்சம் அலுப்பு” என்று முடித்துவிடுவாள். நீங்களும் அம்மாவின் பயத்தைக் குறைக்க டொக்டரின் பேச்சை மெதுவாக்குவீர்கள், அல்லது அம்மா தவறவிட்ட குளிசைகளை மறைப்பீர்கள்.

பதினான்கு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்து இதற்குக் கூட்டிப்போகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. அதை அடியோடு விடவேண்டும்.

உள்ளே போனதும் முதலில் என்ன சொல்லவேண்டும்?

இரண்டு பாஷையிலும் ஒரே விஷயத்தை அரை நிமிடத்தில் சொல்லுங்கள். தமிழில் நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “அம்மா, நான் இண்டைக்கு உங்களுக்கும் டொக்டருக்கும் நடுவிலை மொழிபெயர்க்கிறன். இந்த அறையிலை ஆர் என்ன கதைச்சாலும் எல்லாத்தையும் மற்றவருக்குச் சொல்லுவன், ஒண்டையும் விடமாட்டன். டொக்டருக்குத் தெரியக்கூடாத விஷயத்தை என்னட்டைச் சொல்லாதேங்கோ. இஞ்சை கேக்கிறதை வெளியிலை ஆருக்கும் சொல்லமாட்டன். டொக்டரைப் பாத்துக் கதையுங்கோ.” டொய்ச்சில் இதையே டொக்டருக்குச் சொல்லி, இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தும்படி கேளுங்கள்.

அறையில் பேசப்படுவது எல்லாம் மறுபக்கம் போகும். நீங்களாக எதையாவது சேர்க்கவேண்டி வந்தால், அது உங்கள் பேச்சு என்று இரண்டு பக்கத்துக்கும் கேட்கச் சொல்வீர்கள். நடுநிலை என்று இந்த வேலையில் சொல்வது இவ்வளவுதான்.

கதிரையை நோயாளியின் பக்கத்தில், அரை அடி பின்தள்ளிப் போடுங்கள். அப்போது டொக்டரும் நோயாளியும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். காத்திருக்கும் அறையில் நோயாளியோடு ஒட்டி இருந்து கதைப்பதைத் தவிர்ப்பது நல்லது. வருத்தத்தின் முழுக்கதையையும் அங்கே உங்களிடம் சொல்லி முடித்துவிட்டு, உள்ளே போனதும் “அதுதான் இந்தப் பிள்ளையிட்டைச் சொல்லிப்போட்டனே” என்பார்கள்.

“நான்” என்றே மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். வயதானவர்கள் குழம்பிப் போகிறார்களே?

நோயாளி “எனக்கு நாரி நோகுது” என்றால் டொய்ச்சிலும் எனக்கு இடுப்பின் பின்பக்கம் நோகிறது என்றே வரவேண்டும். “அவவுக்கு நோகுதாம்” என்று மாற்றினால் டொக்டர் உங்களைப் பார்த்துப் பேசத் தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் நீங்களே நோயாளியைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர் ஆகிவிடுவீர்கள்.

தமிழ்ப் பக்கத்தில் சிக்கல் உண்மைதான். “நான் உங்கட ரத்தச் சோதனையைப் பாத்தன்” என்று நீங்கள் சொன்னதும், நீங்கள்தான் பார்த்ததாக ஒரு பாட்டி நினைக்கலாம். முதல் நாலைந்து தரத்துக்கு “டொக்டர் சொல்லுறார்” என்று முன்னால் போட்டுத் தொடங்கி, பழகியபின் விட்டுவிடுங்கள். டொக்டரின் பக்கம் கையைக் காட்டினாலும் போதும். டொய்ச் பக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவேண்டாம்.

உங்கள் சொந்தக் கேள்வி வரும்போதுதான் டொய்ச்சில் உங்களை “டோல்மெட்ச்சர்” என்று படர்க்கையில் சொல்லவேண்டும். “டோல்மெட்ச்சர் ஒன்று கேட்க விரும்புகிறார்” என்று சொன்னால், அது நோயாளியின் வார்த்தை இல்லை என்பது டொக்டருக்கு உடனே விளங்கும்.

நோயாளி “மயக்கமாக் கிடக்கு” என்கிறார். டொய்ச்சில் எதைச் சொல்வது?

எதையும் சொல்லாதீர்கள், முதலில் கேளுங்கள். டொய்ச்சில் இதற்கு மூன்று வேறு பேச்சுகள் உண்டு: தலை சுற்றுவது, எழும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது, நினைவு தப்பி விழுவது. டொக்டரின் காதில் எது விழுகிறதோ அதற்கேற்ற வழியில்தான் போவார். சுற்றுகிறது என்றால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பை நினைப்பார். இருட்டுகிறது என்றால் இரத்த அழுத்தத்தையும் குளிசைகளையும் பார்ப்பார். விழுந்தது என்றால் இருதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பார், தலை அடிபட்டதா என்று பார்ப்பார், கார் ஓட்டுவது பற்றியும் கேட்பார். நீங்கள் ஊகித்து ஒரு சொல்லைப் போட்டால் எந்தச் சோதனை நடக்கவேண்டும் என்று நீங்களே தீர்மானித்த மாதிரி.

ஒரு சந்திப்பை முழுதாகப் பார்ப்போம். நோயாளி அறுபத்தேழு வயது அம்மா. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு ராமிப்ரிலும் எடுக்கிறார். “காலமை எழும்பேக்கை மயக்கமாக் கிடக்கு பிள்ளை” என்று தொடங்குகிறார். நீங்கள் டொக்டரிடம், “நோயாளி சொன்ன சொல்லுக்குத் தமிழில் தலைச்சுற்று, கண் இருட்டுவது, நினைவு தப்புவது என்று பல அர்த்தம் உண்டு. எதைச் சொல்கிறார் என்று டோல்மெட்ச்சர் கேட்கலாமா?” என்கிறீர்கள். டொக்டர் சரி என்கிறார். நீங்கள் டொக்டரிடம் கேட்டதை அம்மாவுக்கும் தமிழில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தன்னைப் பற்றி ஏதோ இரகசியமாகப் பேசுகிறார்கள் என்று நினைப்பார்.

இப்போது கேட்கும் விதம் முக்கியம். “தலை சுத்துதோ?” என்று கேட்டால் “ஓம்” வரும். “கண் இருட்டுதோ?” என்று கேட்டாலும் “ஓம்” வரும். நம் அம்மாமார் மரியாதைக்காகவே ஓம் சொல்வார்கள். “மயக்கம் வரேக்கை உங்களுக்கு என்ன நடக்குது?” என்று திறந்து கேளுங்கள். அம்மா சொல்கிறார்: “கண்ணுக்கு முன்னாலை இருட்டிக்கொண்டு வரும். கட்டில்லை ரெண்டு நிமிஷம் இருந்தாச் சரியாப் போகும்.” இதை அப்படியே சொல்லுங்கள். “நின்றவுடன் இரத்த அழுத்தம் விழுகிறது” என்று மருத்துவப் பாஷையில் உயர்த்திச் சொல்லாதீர்கள். அந்த முடிவுக்கு வரவேண்டியவர் டொக்டர்.

விழுந்தீர்களா என்று டொக்டர் கேட்கிறார். பதில் நேராக வராது. “போன கிழமை மகளின்ரை வீட்டை போனனான். அண்டைக்குப் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள், எல்லாரும் வந்து ஒரே சத்தம். காலமை போட்ட பிரஷர் குளிசையை மறந்துபோய்ப் பின்னேரமும் ஒருக்காப் போட்டிட்டன். பிறகு குசினிக்கை போய்க் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், விழேல்லை.” அவசரப்படுகிற மொழிபெயர்ப்பாளர் இதை “விழவில்லையாம்” என்று ஒரே சொல்லில் முடிப்பார். டொக்டருக்குத் தேவையான விஷயமோ பிறந்தநாள் கதைக்கு நடுவில் கிடக்கிறது: ஒரே நாளில் பிரஷர் குளிசை இரண்டு தரம் போயிருக்கிறது. எது முக்கியம் எது வளவளப்பு என்று தெரிவு செய்ய நமக்கு மருத்துவப் படிப்பு இல்லை, அதனால் பேரப்பிள்ளையும் சத்தமும் எல்லாம் போகட்டும். நீளமாக வந்தால் கையை மெதுவாக உயர்த்தி நிறுத்தி, அதுவரை வந்ததைச் சொல்லிவிட்டு, “பிறகு, அம்மா?” என்று தொடருங்கள்.

டொக்டர் அம்மாவைப் படுக்கவைத்து பிரஷர் அளந்து, எழுப்பி நிற்கவைத்துச் சில நிமிடங்களுக்குத் திரும்பத் திரும்ப அளக்கிறார். அங்கே இதற்கு ஷெல்லோங் சோதனை என்று பெயர். அந்த நேரத்தில் அவர் நர்ஸிடம் சொல்கிற இலக்கங்களையும் மெல்லிய குரலில் அம்மாவுக்குச் சொல்லுங்கள். தன் உடம்பைப் பற்றி அறையில் பேசுவது அவருக்கும் கேட்கவேண்டும்.

இதே மாதிரி இடறும் சொற்கள் இன்னும் உண்டு. நமக்குக் கால் என்றால் தொடையிலிருந்து விரல் வரை. டொய்ச்சில் பாதம் வேறு, கால் வேறு. சீனி வருத்தக்காரருக்குப் பாதத்தில் எரிவதும் முழங்காலில் நோவதும் ஒன்றல்ல. “கை விறைக்குது” என்பது உணர்ச்சி இல்லாததா, மடக்க முடியாததா? “தொட்டுக் காட்டுங்கோ அம்மா” என்று டொக்டர் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். அதனால் “எந்த இடம் என்று காட்டச் சொல்லலாமா?” என்று டொக்டரைக் கேளுங்கள்.

“குளிசையைப் பாதியாத்தான் போடுறன், டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதேயும்” என்கிறார்களே?

டொக்டர் அறையில் இருக்கும்போது சொன்னால் மொழிபெயர்க்கவேண்டியதுதான், அந்த “சொல்லிப்போடாதேயும்” உட்பட. இதற்காகத்தான் தொடக்கத்தில் அந்த அரை நிமிடம். ஆனால் உடனே பாயாமல், “அம்மா, இஞ்சை கதைக்கிறதெல்லாம் நான் சொல்லவேணும் எண்டு முதலே சொன்னனான், இப்ப சொல்லப்போறன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பலர் “சரி, சொல்லும்” என்பார்கள்.

வெளியே, நடைவழியில் சொன்னால் கதை வேறு. அதை நீங்களாக உள்ளே கொண்டுபோகக்கூடாது. “இது டொக்டருக்குத் தெரியவேண்டிய விஷயம், நீங்களே உள்ளை சொல்லுங்கோ, நான் மொழிபெயர்க்கிறன்” என்று அவரிடமே விடுங்கள்.

டொக்டர் சொன்னது சரி, ஆனால் அம்மா அதைத் தவறாகத்தான் எடுக்கப்போகிறா என்று எனக்குத் தெரிகிறது. சேர்த்துச் சொல்லலாமா?

சேர்க்கலாம், ஆனால் டொக்டர் மூலமாக. இரத்தம் எடுக்க “நாளைக்கு நுய்க்டெர்ன் வாருங்கள்” என்கிறார் டொக்டர். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சரியாகவே மொழிபெயர்க்கிறீர்கள். அம்மா “ஓம், ஓம்” என்று தலையாட்டுகிறார். காலையில் பாலும் சீனியும் போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நம் வீடுகளில் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் இல்லை. அந்தத் தேத்தண்ணியால் சீனி ஏறி, இலக்கம் பிழைத்து, குளிசை கூட்டப்படலாம்.

நீங்களாகவே “தேத்தண்ணியும் குடிக்கக்கூடாது” என்று சேர்த்தால், டொக்டர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைக்கிறீர்கள். காலைக் குளிசை என்ன ஆவது, தண்ணீர் குடிக்கலாமா என்ற அடுத்த கேள்விகளுக்கும் நீங்களே பதில் சொல்லத் தொடங்குவீர்கள். அதற்குப் பதில் டொக்டரிடம், “டோல்மெட்ச்சரின் குறிப்பு: தமிழ் வீடுகளில் பால் தேத்தண்ணியைச் சாப்பாடாக நினைக்காமல் இருக்கலாம். குடிப்பது பற்றியும் சொல்ல விரும்புகிறீர்களா?” என்று கேளுங்கள். இதையும் அம்மாவுக்கு மொழிபெயர்த்துவிடுங்கள். டொக்டர் தண்ணீர் குடிக்கலாம், வேறொன்றும் வேண்டாம் என்பார். அதோடு இந்த அம்மாவின் குளிசைக்கு என்ன செய்வது என்றும் சொல்லிவிடுவார். “ஒரு அம்மாவுக்கு இருந்தால் எல்லாத் தமிழருக்கும் இருக்கும்” என்ற தொனியில் இந்தக் குறிப்பைச் சொல்லாதீர்கள், அது ஒரு சந்தேகம் மட்டுமே.

அந்தத் தலையாட்டலைப் பற்றியும் ஒன்று. நீங்கள் “ஓம்” என்பதை “யா” என்று மொழிபெயர்த்ததும் டொக்டர் விளங்கிவிட்டது, சம்மதம் என்று எழுதிக்கொள்வார். அம்மா சொன்னது “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்பதாக இருக்கலாம். சந்தேகம் வந்தால், விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். திருப்பிச் சொல்லும்போது வருவதைத் திருத்தாமல் மொழிபெயருங்கள், பிழையைத் திருத்துவது டொக்டர் வேலை.

இலக்கங்களில் எங்கே பிழைக்கிறது?

டொய்ச்சில் ஒன்றின் இடம் முதலில் வரும். ஐம்பத்துநாலை “நாலும் ஐம்பதும்” என்று சொல்வதால், களைத்த நேரத்தில் அது நாற்பத்தைந்தாகக் காதில் விழும். எல்லா இலக்கத்தையும் எழுதி, எழுதியதை டொக்டருக்குக் காட்டுங்கள். நேரமும் அப்படித்தான்: “ஹால்ப் அக்ட்” என்பது ஏழரை. அதில் எட்டு என்ற சொல் கேட்பதால் எட்டரைக்கு வந்து டெர்மினைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

சீனிக்கு அலகைச் சொல்லாமல் விடாதீர்கள். 7.8 என்றால் அது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சதவீதமாகவும் இருக்கலாம், அந்த நிமிடத்து இரத்தச் சீனியாகவும் இருக்கலாம். இரத்தச் சீனி என்றால் அது மில்லிமோல் கணக்கு, ஊரில் நாம் சொல்கிற மில்லிகிராம் கணக்கில் ஏறக்குறைய 140. கணக்கை நீங்களே மாற்றிச் சொல்லாதீர்கள், அம்மாவின் வீட்டு மெஷினில் எந்த அலகு என்று டொக்டரைக் கேட்கவையுங்கள்.

குளிசை 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, இரவு ஒன்று. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்தைத் தொடர்ந்து எடுக்கிறவருக்கு, அச்சடித்த மருந்துத் திட்டத்தைக் கேட்டு வாங்கும் உரிமை 2016 ஒக்டோபரிலிருந்து உண்டு. அந்தத் தாளைக் கையில் வைத்து வரிவரியாக மொழிபெயர்ப்பதைப் போல் பாதுகாப்பு வேறு இல்லை.

“புற்றுநோய் எண்டு அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ” என்று குடும்பம் கேட்டால்?

அன்பில் கேட்கிறார்கள், கோபப்படவேண்டாம். ஆனால் “கட்டி” என்றோ “வயித்துக்கை புண்” என்றோ மாற்றிச் சொல்லும் வேலையை எடுக்காதீர்கள். “நான் டொக்டர் சொல்வதைத்தான் சொல்லமுடியும், இதை டொக்டரோடு கதையுங்கோ” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் டொக்டரிடம் பேசுவதை மொழிபெயருங்கள்.

ஜெர்மன் சட்டப்படி விளக்கம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு, மகனுக்கோ மனைவிக்கோ இல்லை. அனுபவமுள்ள டொக்டர் அப்பாவிடமே கேட்பார்: “சோதனை முடிவு வந்திருக்கிறது. எவ்வளவு விபரம் தெரிய விரும்புகிறீர்கள்? எல்லாவற்றையும் உங்களிடமே சொல்லவா, பிள்ளைகளிடம் சொல்லவா?” “மகனோடை கதையுங்கோ” என்று பதில் சொல்கிற அப்பாமாரும் உண்டு, “என்ரை வருத்தம் எனக்குத்தான் தெரியவேணும்” என்று நிமிர்கிறவர்களும் உண்டு. இரண்டில் எது வந்தாலும் அதே தொனியில் டொய்ச்சுக்குப் போகட்டும்.

டொக்டர் புற்றுநோய் என்ற சொல்லையே சொன்னால் நீங்களும் சொல்லவேண்டும். அவர் சுற்றி வளைத்து “நல்லதல்லாத மாற்றம்” என்றால் நீங்களும் அந்த அளவுதான். அவர் மூடி வைத்ததை நீங்கள் திறக்கவும் கூடாது.

டொக்டர் சிடுசிடுத்தால், நோயாளி திட்டினால்?

இரண்டும் போகும். “இதை ஏற்கெனவே மூன்றுதரம் சொன்னேன்” என்று டொக்டர் சலித்துக்கொண்டால் சலிப்போடு சொல்லுங்கள், குரலை மட்டும் உயர்த்தவேண்டாம். “இந்த டொக்டருக்கு ஒண்டும் தெரியாது” என்பதும் அப்படித்தான்.

சொல் தெரியாவிட்டால், அல்லது பிழையாகச் சொன்னது பிறகு தெரிந்தால்?

உறுப்பின் பெயரோ நோயின் பெயரோ தெரியவில்லை என்றால் டொக்டரை எளிய சொல்லில் விளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது நோயாளிக்கும் நல்லது. பித்தப்பை, கணையம் என்று சுத்தத் தமிழ்ச் சொல் உங்களுக்குத் தெரிந்தாலும் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். “சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறீங்களோ?” என்று நீங்கள் கேட்பதையும் டொக்டருக்குத் தெரிவியுங்கள்.

பிழை தெரிந்த நிமிடமே நிறுத்தி, “டோல்மெட்ச்சர் தன்னைத் திருத்துகிறார்” என்று சொல்லி இரண்டு பக்கமும் திருத்துங்கள். சந்திப்பு முடிந்து வீட்டில் நினைவு வந்தால் டொக்டரின் அலுவலகத்துக்கு அன்றைக்கே தொலைபேசி எடுங்கள், குறிப்பாக மருந்தின் அளவு பற்றியது என்றால். எழுதிய குறிப்புகளை முடிந்தபின் அங்கேயே கிழித்துப் போடுங்கள்.

சம்மதப் பத்திரத்தை “நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்” என்று தந்துவிட்டு டொக்டர் போய்விடுகிறார்.

போகவிடாதீர்கள். குடல் கமராச் சோதனைக்கான தாள்களில் இரத்தம் கசியலாம், குடலில் ஓட்டை விழலாம் என்றெல்லாம் இருக்கும். அம்மா “அப்பிடி எத்தினை பேருக்கு நடக்கும்?” என்று கேட்டால் பதில் சொல்ல உங்களால் முடியாது. 2013இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டத்தின்படி விளக்கம் வாய்மொழியாக, விளங்கும் விதத்தில், யோசிக்க நேரம் விட்டுத் தரப்படவேண்டும். தாள் அதற்குத் துணை மட்டுமே. “டொக்டர் விளக்கினால் மொழிபெயர்க்கிறேன்” என்று பணிவாகச் சொல்லுங்கள்.

சில தாள்களில் மொழிபெயர்ப்பாளரும் கையெழுத்திட ஒரு கோடு இருக்கும். உண்மையில் மொழிபெயர்த்த பகுதிக்கு மட்டும் போடுங்கள். நோயாளியின் கோட்டில் ஒருபோதும் போடாதீர்கள், அம்மா “நீரே வையும் பிள்ளை” என்று பேனையைத் தந்தாலும்.

இதற்குக் காசு யார் தருவது?

பொதுக் காப்புறுதியான கிராங்கன்காஸ்ஸ, டொக்டர் சந்திப்புக்குப் பேச்சுமொழி மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் தருவதில்லை. சைகைமொழிக்கு மட்டும் தருகிறது. 2021இல் வந்த கூட்டணி அரசு இதை மாற்றுவதாகத் தன் ஒப்பந்தத்தில் எழுதியது, ஆனால் பதவியில் இருந்த காலத்தில் சட்டமாக்கவில்லை. அகதி விண்ணப்பக் காலத்தில் இருப்பவர்களுக்கு சமூக நல அலுவலகம் செலவை ஏற்கலாம், ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் என்றால் முதலில் அங்குள்ள சமூக சேவைப் பிரிவைக் கேளுங்கள்.

காசு யார் தந்தாலும் இரகசியம் காப்பது மாறாது. தண்டனைச் சட்டத்தின் 203ஆவது பிரிவு டொக்டரைக் கட்டுப்படுத்துகிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு அவர் வேலைக்கு அழைக்கும் வெளியாட்களையும் கட்டுப்படுத்துகிறது. கோவில் திருவிழாவில் அந்த அம்மாவின் அக்கா வந்து “தங்கச்சிக்கு என்னவாம்?” என்று கேட்டால், “அவவையே கேளுங்கோ அக்கா” என்று சொல்லிவிடுங்கள்.